வராத நாளுக்கும் கட்டணமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பால்காரர் வராத நாளை நாட்காட்டியில் சுழித்து வைத்து, மாதக் கடைசியில் அதைக் கழித்துப் பணம் கொடுப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். விடுதியிலும், ஊருக்குப் போகும் மாணவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், அத்தனை நாளுக்குரிய உணவுக் கட்டணம் கழிக்கப்படுகிறது. கூலி வேலைக்குப் போகும் என் தந்தைக்கு, போகாத நாளுக்குக் கூலி கிடையாது. இப்படி நாள் கணக்கிலேயே வளர்ந்த நம்மில் பலர், இன்று வேறொரு கணக்கின் முன்னால் நிற்கிறோம். கைபேசிச் செயலி வழியாக நடத்தப்படும் உடற்பயிற்சிக் கூடங்களின் ஆண்டு உறுப்பினர் திட்டமே அது. அங்கே நாம் வராத நாளும் விற்ற நாள்தான்.

உடலைப் பேண வேண்டும் என்பதில் நமக்குள் வழக்கு இல்லை. என் வழக்கு விலையைப் பற்றியது. விளம்பரப் பலகையில் எழுதியிருக்கும் தொகை அந்த உறுப்பினர் திட்டத்தின் உண்மையான விலை ஆகாது. வாரத்திற்கு எத்தனை வகுப்புகளுக்கு முன்பதிவு செய்யலாம், ஊரில் இல்லாத நாள்களை எவ்வளவு நிறுத்தி வைக்கலாம், வேறு ஊர்க் கிளையில் நுழையலாமா என்னும் மூன்று விதிகளே அந்த விலையைத் தீர்மானிக்கின்றன. மாணவர்களாகிய நமக்கு இம்மூன்றிலும் நடுவில் உள்ள விதியே மிகப் பெரியது என்பது என் கருத்து. அதைக் கணக்குப் போட்டே காட்ட விரும்புகிறேன்.

வராதவரால் வாழும் தொழில்

முதலில், இத்தகைய விதிகள் ஏன் பிறக்கின்றன என்று பார்ப்போம். ஒரு கூடத்திற்கு வாடகை, பயிற்சியாளர் சம்பளம், இயந்திரங்களின் தவணை ஆகியவை பத்துப்பேர் வந்தாலும் ஒன்றுதான், இருநூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே, கூடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்க முடியுமோ அதைப்போலப் பல மடங்கு உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதை ஓர் ஆய்வு காட்டுகிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் 3 கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய மூன்றாண்டு வருகைப் பதிவை ஆராய்ந்து, 2006-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்டனர். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் வந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே கூடத்தில் பத்து வருகைக்கான சீட்டு 100 டாலருக்குக் கிடைத்தது! வருகைக்கு 10 டாலர் கொடுத்திருக்கலாம். ‘அடிக்கடி வருவேன்’ என்று தம்மைப் பற்றித் தாமே அதிகமாக நம்பியதே இதற்குக் காரணமென்று அவ்வறிஞர்கள் முடிவு கூறினார்கள்.

அந்த அமெரிக்கர்கள் வர முடிந்தும் வராதவர்கள். மாணவர்களாகிய நாம், வர விரும்பினாலும் ஊரில் இல்லாதவர்கள். நம் வராமை சோம்பலால் வருவது அன்று. பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையிலேயே அச்சிடப்பட்டிருப்பது. ஆகவே அதை முன்கூட்டியே எண்ணிவிட முடியும்.

நம் மாணவனின் ஆண்டு

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். நகரில் புதிதாகத் திறந்த, பல கிளைகள் உள்ள ஒரு கூடத்தில் ஓராண்டுக்கு 9,000 ரூபாய் கட்டுகிறான். இந்தத் தொகையும் இனி வரும் எண்களும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. விதிகளின் அமைப்பு மட்டும் இத்தகைய கூடங்களில் பரவலாகக் காணப்படுவது. வாசகர்கள் தத்தம் ஊர் எண்களை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

‘நாளொன்றுக்கு 25 ரூபாய்கூட இல்லை’ என்கிறது விளம்பரம். 9,000-த்தை 365-ஆல் வகுத்தால் அது உண்மைதான். ஆனால் நம் மாணவன் நாள்தோறும் போகப்போவதில்லை. வாரம் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போக எண்ணுகிறான். 52 வாரத்திற்கு 156 வருகை. வருகைக்கு 58 ரூபாய். இதையே அவன் மனத்தில் ஒப்புக்கொண்ட விலை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அவன் ஊரில் இல்லாத, அல்லது போக இயலாத நாள்களை எண்ணுவோம். இரண்டு பருவத் தேர்வுகளுக்கும் படிப்பு விடுமுறை உட்பட மும்மூன்று வாரம், ஆக 42 நாள். கோடை விடுமுறையில் சொந்த ஊரில் 45 நாள். முதற்பருவம் முடிந்த விடுமுறை 20 நாள். தீபாவளிக்கும் பொங்கலுக்குமாக ஐந்தைந்து நாள், ஆக 10. கூட்டினால் 117 நாள்கள். ஏறத்தாழ ஆண்டில் மூன்றிலொரு பங்கு! எஞ்சியவை 248 நாள், அதாவது 35 வாரம். வாரம் மூன்று என்றால் 105 வருகை. விலை 58-இலிருந்து 86 ரூபாயாக ஏறிவிட்டது.

நிறுத்தி வைக்கும் விதி

இந்த இழப்பைச் சரிக்கட்டத்தான் ‘ஃப்ரீஸ்’ அல்லது ‘பாஸ்’ என்னும் வசதி இருக்கிறது. உறுப்பினர் காலத்தைச் சில நாள் நிறுத்தி வைக்கலாம். நிறுத்திய நாள்கள் கடைசியில் கூட்டித் தரப்படும். விடுதிச் சாப்பாட்டுக் கழிவைப் போன்றதுதானே என்று தோன்றும். ஆனால் இதற்குள் நான்கு சிறு நிபந்தனைகள் ஒளிந்திருப்பதுண்டு. ஆண்டுக்கு மொத்தம் எத்தனை நாள்? அதை எத்தனை தவணையாக எடுக்கலாம்? ஒரு தவணையில் குறைந்தது எத்தனை நாள்? முன்கூட்டியே செயலியில் பதிய வேண்டுமா, பிறகும் சொல்லலாமா?

நம் மாணவனின் திட்டத்தில் மொத்தம் 30 நாள், இரண்டே தவணை, தவணைக்குக் குறைந்தது 7 நாள், போன நாளுக்குப் பின்தேதியிட்டு நிறுத்த முடியாது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளியும் பொங்கலும் ஐந்தைந்து நாள்தான் என்பதால் இந்த விதிக்குள் வரவே வராது. தேர்வு நேரத்தில் ‘இன்று போகலாம், நாளை போகலாம்’ என்று நாள் கடந்த பிறகு நினைவு வந்தால், கடந்த நாள் கடந்ததுதான். கோடையில் முப்பது நாளையும் ஒரே மூச்சில் எடுக்கிறான். 117-இல் 30 மீண்டது, 87 போயிற்று. இனி அவனுக்குப் பயன்படும் நாள் 278, வருகை 119, விலை 76 ரூபாய்.

அந்த 117 நாளையும் நிறுத்தி வைக்க அனுமதி இருந்திருந்தால்? விலை திரும்பவும் 58 ரூபாய்க்கே இறங்கியிருக்கும். கட்டிய பணம் அதே 9,000. வகுப்பும் அதுவே, வியர்வையும் அதுவே. நிறுத்தி வைக்கும் நாள்களின் எண்ணிக்கை ஒன்று மட்டும் விலையை 86, 76, 58 என்று மாற்றிக் காட்டுகிறது. கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரங்களை எண்ணிப் பார்க்கும் நாம் இந்த எண்ணைக் கேட்காமல் திரும்புவது சரிதானா?

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 9,000 ரூபாயை மொத்தமாகக் கட்ட இயலாதவர்களுக்கு மாதத் தவணை வசதி உண்டு என்கிறார்கள். பெரும்பாலும் அது வேறொரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். உறுப்பினர் காலத்தை நிறுத்தி வைத்தாலும் கடன் தவணை நிற்காது. கோடையில் ஊரில் இருக்கும்போதும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். உதவித்தொகை வந்து சேரும் கணக்கும் அதுவாக இருந்தால் துன்பம் இரட்டிப்பாகும்.

முன்பதிவு விதி

அடுத்தது வகுப்பு. யோகா, நடனப் பயிற்சி, குத்துச்சண்டைப் பயிற்சி ஆகியவற்றிற்கு ஓர் அறையில் இருபது பேர்தான் நிற்க முடியும் என்றால் இருபத்தோராவது ஆளுக்கு இடமில்லை. ஆகவே செயலியில் முன்பதிவு. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ‘வரம்பில்லா வகுப்புகள்’ என்ற விளம்பரச் சொல்லுக்கு அந்த அறையின் சுவர்களே வரம்பு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் பாயல் கடாக்கியா என்பவர் தொடங்கிய கிளாஸ்பாஸ் நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. ஒரே சந்தாவில் பல பயிற்சிக் கூடங்களின் வகுப்புகளுக்குப் போகலாம் என்பதே அதன் திட்டம். 2014-இல் மாதம் 99 டாலருக்கு வரம்பில்லா வகுப்புகள் என்று விற்றது. அப்போதுகூட ஒரே கூடத்திற்கு மாதம் மூன்று முறைக்கு மேல் போக முடியாது என்ற வரம்பு இருந்தது. உறுப்பினர் ஒவ்வொரு வகுப்புக்குப் போகும்போதும் கிளாஸ்பாஸ் அந்தக் கூடத்திற்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே நாள்தோறும் சென்ற உறுப்பினரால் நிறுவனத்திற்கு இழப்பு. 2016-இல் நியூயார்க் நகரில் அந்தச் சந்தா 190 டாலராக உயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் வரம்பில்லாத் திட்டமே கைவிடப்பட்டது. அதிகம் வருபவரைத் தாங்க முடியாத திட்டம் வரம்பு விதிக்கும், அல்லது விலையை ஏற்றும். இரண்டும் போதாவிட்டால் திட்டமே மறையும்.

நம் மாணவன் கல்லூரி முடிந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறான். மாலை 7 மணி வகுப்பு ஒன்றுதான் அவனுக்கு ஒத்துவரும். வேலைக்குப் போகும் பிறருக்கும் அதே நேரம்தான். முன்பதிவு இரண்டு நாள் முன்னதாக ஒரு குறித்த மணிக்குத் திறக்கிறது; திறந்த சில நிமிடங்களில் நிறைகிறது. அந்நேரம் அவன் கடையில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறான். காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறுகிறது. சில நாள் வகுப்புக்கு அரைமணி முன்னால் இடம் கிடைத்ததாகச் செய்தி வருகிறது. கடையை விட்டு ஓடிவர முடியவில்லை. முன்னதாக ரத்துச் செய்யாமல் வராதவர் என்று செயலி அவனைக் குறித்துக்கொள்கிறது. இப்படி மூன்று முறை ஆனால் ஒரு வாரம் முன்பதிவுத் தடை!

விளைவாக, வாரத்திற்கு மூன்று என்று எண்ணியது இரண்டாகக் குறைகிறது. 278 நாளில் 79 வருகை. விலை 114 ரூபாய். முதலில் அவன் மனத்தில் வைத்த 58-இன் ஏறக்குறைய இரு மடங்கு.

இதை முன்னதாகவே அறியும் வழி எளியது. பணம் கட்டும் முன்பே, செயலியில் நமக்கு ஒத்துவரும் மணிக்குரிய வகுப்பை ஒரு வாரம் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பெரும்பாலான செயலிகளில் உறுப்பினராகாமலே அட்டவணையைப் பார்க்கலாம். எந்த நாளும் அந்த வகுப்பு நிறைந்தே கிடக்கிறதென்றால், நாம் வாங்கப்போவது வகுப்பை அன்று. காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடத்தை.

பிற கிளை விதி

‘எந்தக் கிளையிலும் பயிற்சி செய்யலாம்’ என்பது மூன்றாவது கவர்ச்சி. கோடையில் சொந்த ஊருக்கு அருகில் உள்ள கிளைக்குப் போய்விடலாம் என்று நம் மாணவனும் எண்ணினான். ஆனால் காலத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது எந்தக் கிளையின் கதவும் திறக்காது. ஆகவே நிறுத்தி வைப்பதா, பிற கிளைக்குப் போவதா என்று இரண்டில் ஒன்றைத்தான் அவன் தேர்ந்தெடுக்க முடியும். முப்பது நாளை நிறுத்திவிட்டதால், கோடையில் எஞ்சியவை 15 நாள். கிளை இருப்பதோ கிராமத்திலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரத்தில். மாதத்திற்கு இரண்டு முறைதான் பிற கிளையில் நுழையலாம் என்பது அவன் திட்டத்தின் விதி. இரண்டு முறை போய் வந்தான் என்றே கொள்வோம். 79 வருகை 81 ஆயிற்று. பேருந்துக் கட்டணம் தனி.

இந்த வரம்புக்கும் காரணம் உண்டு. ஒரே பெயர்ப் பலகை மாட்டிய கிளைகள் எல்லாம் ஒரே முதலாளியுடையவை என்று எண்ணுவது தவறு. பல கிளைகள் உரிமம் பெற்ற தனித்தனி உரிமையாளர்களுடையவை. நாம் கட்டிய பணம் ஒருவரிடம் இருக்க, நம்மை இன்னொருவர் இலவசமாக ஏற்க வேண்டும் என்றால் அவர் எப்படிச் சம்மதிப்பார்? ஆகவேதான் மாத வரம்பு, கிளைகளுக்குள் உயர்தரம், சாதாரணத் தரம் என்ற பிரிவு எல்லாம் வருகின்றன. பிற கிளையில் நுழைவதும், உறுப்பினர் பதிவையே அந்தக் கிளைக்கு மாற்றிக்கொள்வதும் வேறு வேறு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். படிப்பு முடித்து ஊர் மாறுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

எதிர்வழக்கும் என் கருத்தும்

கூடத்தார் தரப்பிலும் நியாயம் உண்டு. ‘மே மாதம் மாணவர்கள் எல்லோரும் நிறுத்தி வைத்தால் கட்டட உரிமையாளர் வாடகையை நிறுத்தி வைப்பாரா?’ என்று அவர்கள் கேட்கலாம். ஆண்டு முழுவதும் ஒரே ஊரில் இருந்து வாரம் நான்கு முறை செல்லும் ஒருவருக்கு இதே திட்டத்தில் 208 வருகை. விலை 43 ரூபாய்தான். பயிற்சியாளர் நின்று நடத்தும் வகுப்புக்கு அது நியாயமான விலையே. உள்ளூரில் குடியிருக்கும் நம் பேராசிரியர் ஒருவருக்கு நான் அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். திட்டம் கெட்டது என்பது என் வாதமன்று. ஊரிலேயே இருப்பவருக்காக வகுத்த திட்டத்தை ஊர் போய் வருபவருக்கு அதே சொற்களில் விற்பதுதான் குறை.

பேருந்து நிலையத்தின் பின்புறம் ஒரு பழைய ஜிம்மைப் பல ஊர்களில் காணலாம். சேர்க்கைக் கட்டணம் 500, மாதம் 600 என்று வைத்துக்கொள்வோம். குளிர்சாதனம் இல்லை, செயலி இல்லை, வகுப்பும் இல்லை. ஊரில் இல்லாத மாதத்திற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதால், நிறுத்தி வைக்கும் விதியே அங்குத் தேவையில்லை. நம் மாணவன் ஒன்பது மாதம் கட்டினால் மொத்தம் 5,900 ரூபாய். வாரம் மூன்று வீதம் 35 வாரத்தில் 105 வருகை. விலை 56 ரூபாய். செயலிக் கூடத்தில் அவனுக்கு விழுந்த 114-இல் பாதி. மாதக் கட்டணம் கட்டுபவருக்கு விலகும் உரிமை மாதந்தோறும் கையில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் கட்டியவர் அந்த உரிமையைத் தள்ளுபடிக்கு விற்றுவிடுகிறார்.

எனவே, மாணவர்கள் தங்கள் தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத நாள்களை எண்ணிய பிறகே சேர வேண்டும் என்பேன். அந்த எண்ணில் பாதியைக்கூட நிறுத்தி வைக்க விடாத ஆண்டுத் திட்டத்தைத் தவிர்த்து, மாதத் திட்டத்தையோ வருகை எண்ணிக்கைச் சீட்டையோ கேட்க வேண்டும். ‘எப்ப வேணும்னாலும் ஃப்ரீஸ் பண்ணிக்கலாம் தம்பி’ என்று வரவேற்பு மேசையில் சொல்வது போதாது; செயலியில் உள்ள விதிமுறைப் பக்கத்தைப் பணம் கட்டும் நாளிலேயே படம் பிடித்து வைக்க வேண்டும். பின்னர் விதி மாறினாலும், கிளை மூடப்பட்டாலும் அதுவே சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. 9,000 ரூபாய்க்காக யார் வழக்காடுவார் என்று எண்ண வேண்டாம். அது நம்மில் பலர் வீட்டில் ஒரு மாத வருமானம்.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். தனி ஒரு மாணவன் பேரம் பேசினால் கூடத்தார் கேட்கமாட்டார்கள். நூறு மாணவர் சார்பில் நம் உடற்கல்வி இயக்குநர் பேசினால் கேட்பார்கள். கல்லூரி நாட்காட்டியின் விடுமுறை நாள்களும் தேர்வு நாள்களும் தாமாகவே நிறுத்தி வைக்கப்படும் ஒரு மாணவர் திட்டத்தை அவர் கேட்டுப் பெறலாம். அதற்காக மாதம் சிறு தொகை கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தாலும் நமக்கு நட்டமில்லை. மேலே போட்ட கணக்கில் அந்த 87 நாளின் விலை ஏறத்தாழ 2,145 ரூபாய். அதற்குக் குறைவாக எந்தத் தொகையில் உடன்பாடு ஏற்பட்டாலும் நமக்கு ஆதாயமே. வரும் கல்வியாண்டு தொடங்குமுன், நாட்காட்டி அச்சாகும் வேளையிலேயே, இதைப் பேசி முடிக்கலாம்.